மண்ணீரல், வாயு, ஈரம்: ஒரு சீன மருந்துத் தாளைத் தமிழில் சரிசெய்த விவரம்

சிங்கப்பூரில் ஒரு சீன மருந்துக் கடை, தான் விற்கும் ஒரு மாத்திரைக்குத் தமிழில் விளக்கத்தாள் போட முடிவு செய்தது. கடை இருக்கும் வட்டாரத்தில் தமிழ் முதியவர்கள் நிறைய. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்களிலும் சிலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், ஆங்கிலத் தாளைப் படிக்க மாட்டார்கள். யாரோ ஏற்கெனவே ஆங்கிலத்தை வைத்துத் தமிழாக்கி முடித்திருந்தார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு பார்வை பாருங்கள் என்று என்னிடம் வந்தது. அந்த ஒரு தாளில் என்ன இருந்தது, அதை ஏன் மாற்ற வேண்டியிருந்தது, எதை மாற்றாமல் விட்டோம் என்பதைத்தான் முழுசாக எழுதுகிறேன். சீன மருத்துவச் சொற்களைத் தமிழில் கொண்டுவர முயலும் யாருக்கும் இதே இடங்கள் இடறும்.

மருந்தின் பெயர் ஷென் லிங் பாய் ஜூ. சோங் அரச காலத்து அரசு மருந்தகத் தொகுப்பில் இருக்கும் பழைய கலவை. இன்றும் சீன மருந்துக் கடைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. உள்ளே பத்துப் பொருட்கள். ஜின்செங், பைன் மர வேரில் வளரும் ஒரு பூஞ்சை, ஒரு வள்ளிக்கிழங்கு வகை, நம்ம அவரை விதை, தாமரை விதை, சீன பார்லி என்று கடைகளில் சொல்லும் ஒரு புல்லின் விதை, ஏலக்காய்க் குடும்பத்துக் காய் ஒன்று, அதிமதுரம், இன்னும் இரண்டு வேர் கிழங்கு வகைகள். பாதிக்கு மேல் சமையலறைப் பொருட்கள் என்பதால் இதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆபத்து சரக்கில் குறைவுதான், தாளில் இருந்தது.

சீன மருந்து நூலில் இந்தக் கலவைக்குக் கொடுத்திருக்கும் பயன்பாட்டு வரி மிகச் சின்னது. 'பீ', 'சி' என்ற இரண்டு சீனச் சொற்களை இப்போதைக்கு அப்படியே விட்டு அதைத் தமிழில் விரித்தால் இவ்வளவுதான்: 'பீ'யையும் வயிற்றையும் ஊட்டும், நுரையீரலின் 'சி'யைக் கூட்டும், 'பீ'யும் வயிறும் நலிந்து, சாப்பாடு குறைந்து, மலம் தளர்ந்து, மூச்சு குறுகி இருமல் இருந்து, கை கால் சோர்ந்து வலுவில்லாமல் இருப்பவர்களுக்கு. பெட்டியின் பின்பக்கம் ஆங்கிலத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது, ஈரத்தைப் போக்கி வயிற்றுப்போக்கை நிறுத்துவது என்று. கடைக்காரர் கொடுத்த தமிழ் வரைவோ இப்படி இருந்தது:

> இம்மருந்து மண்ணீரல் பலவீனத்தைக் குணப்படுத்திப் பிராண சக்தியைப் பெருக்கும். உடலில் தேங்கிய நச்சு நீரை வெளியேற்றி வயிற்றுப்போக்கை நிறுத்தும். மூச்சுத்திணறல், இருமல், நரம்புத் தளர்ச்சி ஆகியவற்றுக்குச் சிறந்த நிவாரணி.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, சரளமான தமிழ். ஆனால் மூலத்தில் இல்லாத நோய்களைக் குணப்படுத்துவதாக இந்த மூன்று வாக்கியமும் சொல்கின்றன. எழுதியவர் ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. புரியாத சொல் வந்த இடத்தில் எல்லாம் நமக்குப் பழக்கமான ஒரு சொல்லை வைத்திருக்கிறார், பொய்யான மருத்துவ வாக்குறுதி அந்தப் பழக்கமான சொல்லோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது.

மண்ணீரல்

'பீ' என்ற சீனச் சொல்லுக்கு அகராதியைப் பார்த்தால் மண்ணீரல் என்றுதான் இருக்கும், ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஐரோப்பிய உடற்கூறு நூல்கள் கிழக்காசியாவுக்கு வந்தபோது, அறுத்துப் பார்த்துக் கண்ட உறுப்புகளுக்கு ஏற்கெனவே இருந்த பழைய பெயர்களைப் பொருத்தினார்கள். 1774-ல் ஜப்பானில் சுகிதா கென்பாகுவும் கூட்டாளிகளும் டச்சு உடற்கூறு நூலைப் பெயர்த்தபோது நடந்ததும் அதுவே. அப்படி ஒரே சொல் இரண்டு வேறு பொருட்களுக்குப் பெயராகிவிட்டது. நவீன மருத்துவத்தின் மண்ணீரல் இடது விலாவுக்குக் கீழே இருந்து பழைய ரத்த அணுக்களை வடிகட்டும், நோயெதிர்ப்பில் பங்கு வகிக்கும், சாப்பாட்டைச் செரிப்பதில் அதற்கு வேலை இல்லை. சீன மருத்துவத்தின் 'பீ' செய்வதோ உண்டதை மாற்றி உடம்பெங்கும் கொண்டுசேர்க்கும் வேலை. பசி, மலம், தசையின் வலு என்று எல்லாமே அதன் கணக்கில் வரும்.

இப்போது ஒரு தமிழ் வாசகர் 'மண்ணீரல் பலவீனத்தைக் குணப்படுத்தும்' என்று படிக்கிறார். தலசீமியா இருக்கும் பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மலேரியா வந்து மண்ணீரல் பெருத்தவராகக்கூட இருக்கலாம். அவர் இந்தப் பெட்டியைத் தன் நோய்க்கான மருந்து என்றுதான் எடுத்துக்கொள்வார், அப்படி எடுத்துக்கொண்டால் அவர் மேல் தப்பே இல்லை. தாள் அதைத்தான் சொல்கிறது.

'செரிமான உறுப்புகள்' என்று எழுதிவிடலாமே என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான யோசனை, ஆனால் 'செரிமான உறுப்புகளின் பலவீனம்' என்றாலும் அது ஓர் உடற்கூறு நோய் மாதிரிதான் ஒலிக்கிறது, பரிசோதனையில் கண்டுபிடித்த கோளாறு மாதிரி. அதனால் 'பீ–வெய் குறைவு' என்று சீனச் சொல்லை அப்படியே வைத்தோம் ('வெய்' என்பது வயிறு). பக்கத்திலேயே, இது செரிமானம் பற்றிச் சீன மருத்துவம் பேசும் ஒரு வகைப்பாடு, மண்ணீரல் நோயைக் குறிக்காது என்று ஒரு வரியும் போட்டோம். அறிமுகமில்லாத சொல்லைப் பார்க்கும் வாசகர் நின்று கேட்பார். மண்ணீரலைப் பார்த்தால் கேட்க மாட்டார், தனக்குத் தெரிந்ததுதான் என்று நகர்ந்துவிடுவார்.

'சி'யை எப்படி எழுதுவது

உடம்பில் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் 'சி'க்குப் பிராணன், பிராண சக்தி, உயிராற்றல், வாயு, வளி என்று தமிழில் ஐந்தாறு சொல் தயாராக இருக்கின்றன. ஐரோப்பாவில் இதை 'ஆற்றல்' என்று எழுதும் பழக்கத்தைப் பரப்பியதில் ஃபிரெஞ்சுக்காரர் சூலியே த மோரானுக்குப் பெரிய பங்கு உண்டு. சீன மருத்துவ வரலாற்றை ஆராய்ந்த பால் உன்ஷுல்ட், பழைய நூல்களில் அந்தச் சொல் ஆவி மாதிரியான ஒரு நுண்பொருளைக் குறிக்கிறது, இயற்பியல் சொல்லும் ஆற்றலை அதில் ஏற்றுவது பின்னால் வந்தவர்களின் வேலை என்று வாதிட்டார். எனக்கு அவர் பக்கம்தான் சரி என்று படுகிறது. ஆற்றல், சக்தி என்று எழுதினால் அதை அளக்கலாம், பெருக்கலாம், குறைந்தால் நிரப்பலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'சக்தியைப் பெருக்கும்' என்று எழுதிய மருந்தைச் சர்க்கரை நோயாளி சத்து மருந்தாக வாங்குவார், அறுவை சிகிச்சை முடிந்தவர் டானிக்காக வாங்குவார்.

வாயு இன்னும் மோசம். நம் பேச்சில் வாயு என்றால் வயிற்றில் சேரும் காற்று. சீன மருத்துவத்தில் 'சி தேங்குதல்' என்று ஒன்று உண்டு, மனக்கவலை, விலா இறுக்கம், மாதவிடாய்க்கு முந்திய மார்பு வலி வரை அதில் அடக்குவார்கள். அதை 'வாயுத் தேக்கம்' என்று எழுதினால் வாசகர் ஏப்பத்துக்கு மருந்து என்று படிப்பார். அது கூடப் பரவாயில்லை. நெஞ்சு இறுக்கத்தையும் 'வாயுப் பிடிப்பு' என்று எண்ணி உட்கார்ந்துவிடும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாரடைப்பை வாயு என்று நினைத்துத் தாமதித்த கதை எந்தக் குடும்பத்திலும் ஒன்று கிடைக்கும். அச்சடித்த தாள் ஒன்று அந்தப் பழக்கத்துக்குத் துணை போகக் கூடாது.

அதனால் 'சி' என்றே ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தோம். ஒலிக்கு இன்னும் நெருக்கமாக எழுதினால் 'ச்சீ' என்று வருகிறது, அது தமிழில் அருவருப்புச் சொல், மருந்துத் தாளில் ஆகாது. 'சீகொங்' என்று உடற்பயிற்சி வகுப்புகளால் ஏற்கெனவே பலருக்குத் தெரிந்த ஒலிதான் என்பதால் சுருக்கமாக 'சி' நின்றது.

ஆனால் எல்லா இடத்திலும் அதை அப்படியே வைப்பதும் தப்பு. பயன்பாட்டு வரியில் 'மூச்சு குறுகி' என்று நான் மேலே எழுதிய இடத்தில் சீனத்தில் இருப்பது அதே சொல்தான், 'சி குட்டை' என்று. அங்கே அது தத்துவம் எதுவும் இல்லை, சாதாரண மூச்சு. அதை ''சி' குறைவு' என்று எழுதினால் ஒரு கண்ணுக்குத் தெரிகிற உடல் அறிகுறியை மறைத்துவிடுவோம், மறைந்தால் நோயாளி அதை மருத்துவரிடம் சொல்ல மாட்டார். வரைவில் இருந்த 'மூச்சுத்திணறல்' எதிர்ப்பக்கம் போகிறது. சீன மருத்துவத்தில் இரைப்புக்கும் மூச்சு குட்டையாவதற்கும் வேறு வேறு சொல் இருக்கிறது, இந்தத் தாள் இரைப்பைப் பற்றிப் பேசவே இல்லை. மூச்சுத்திணறலுக்கு நிவாரணி என்று படித்த ஆஸ்துமாக்காரர் தன் இன்ஹேலரைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? 'மூச்சு ஆழமாக வராதது போன்ற உணர்வு' என்று எழுதி முடித்தோம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் மூலம் சொல்வது அவ்வளவே.

ஈரம்

இதில்தான் அதிக நேரம் போனது. சீன மருத்துவத்தில் காற்று, குளிர், கோடை வெப்பம், ஈரம், வறட்சி, தீ என்று ஆறு வெளிக்காரணிகள். அவற்றில் ஈரம் வெளியிலிருந்தும் வரும், உள்ளேயும் உருவாகும் என்று அதிகம் பேசப்படுவது. மழைக்காலத்தில் ஈரச் சுவருக்குள் வாழ்ந்தால் வெளியிலிருந்து வரும், 'பீ' தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் உள்ளே உண்டாகும். உடம்பு கனமாக இருப்பது, தலையை ஈரத் துணியால் சுற்றியது போல இருப்பது, வயிறு உப்புசம், ஒட்டிக்கொள்ளும் மலம், நாக்கில் தடித்த வழவழப்பான படிவு, இவை அதன் அடையாளங்கள். குவாங்டாங் பக்கத்துக் குடும்பங்களில் இது மருத்துவச் சொல்லாகவே இல்லை, வீட்டுப் பேச்சு. 'உடம்பில் ஈரம் ஏறியிருக்கிறது' என்று சொல்லிச் சீன பார்லி போட்டுச் சூப் வைப்பார்கள்.

வரைவு இதை 'நச்சு நீர்' ஆக்கியிருந்தது. ஆங்கிலத்தில் உடம்பைச் சுத்தப்படுத்தும் பானங்கள் பற்றிய விளம்பரங்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. நச்சு என்றால் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கிறது, மருந்து அதை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். மூலத்தில் அப்படி ஒரு பொருளே இல்லை. அதோடு 'தேங்கிய நீரை வெளியேற்றும்' என்று வந்துவிட்டது, இது சிறுநீர் பெருக்கும் மாத்திரையின் வேலை. கால் வீங்கிய சிறுநீரக நோயாளி, இதயம் பலவீனமாகி நீர் கோத்தவர், இவர்கள் கண்ணில் படும் முதல் வார்த்தை அதுதான்.

அடுத்து வந்த யோசனை கபம். இதைச் சொன்னவர் சித்த மருத்துவம் ஓரளவு படித்தவர், நான் மதிக்கும் நண்பர். கனம், மந்தம், வழவழப்பு என்று அறிகுறிகள் ஒத்துப்போகின்றன, தமிழருக்குச் சட்டென்று புரியும் என்பது அவர் வாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சித்தத்தில் கபம் உடம்பில் இருக்க வேண்டிய மூன்றில் ஒன்று, அளவோடு இருந்தால் அதுதான் உடம்பைத் தாங்குகிறது. சீன மருத்துவத்தின் ஈரம் அப்படி இல்லை, நோய்க்காரணமாக வந்தால் அது வந்திருக்கக் கூடாத ஒன்று. மேலும் சீனர்களுக்குச் சளி தனிப் பிரிவு, ஈரம் நாள்பட உறைந்து சளியாகும் என்பார்கள். கபம் என்று எழுதினால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில்கூட சீன, ஜப்பானிய, கொரிய மரபுச் சொற்கள் தனி அலகாகத்தான் வைக்கப்பட்டன. சித்தம், ஆயுர்வேதம், யுனானிக்கு 2025-ல் வேறொரு அலகு சேர்த்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கவில்லை. முதல் அலகின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் 'TM1' என்ற குறி ஒட்டியிருக்கும், இது மரபு மருத்துவப் பெயர், நவீன மருத்துவ நோய் அல்ல என்று காட்ட. பட்டியலில் இடம் கொடுத்ததால் அந்த மருத்துவம் பலன் தரும் என்று தாங்கள் சான்றளிக்கவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

கபம் வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது சரக்குப் பட்டியலில். அதிமதுரம். சளிக்கும் தொண்டைக்கும் நம் வீடுகளில் அதிமதுரக் கஷாயம் வைக்கிறோம். இந்த மாத்திரையிலும் அதே வகை வேர். 'கபத்தை நீக்கும்' என்று தாளில் படித்தவர் சளிக்கு இதையும் கஷாயத்தையும் சேர்த்தே எடுப்பார். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசிக் அமிலம் அதிகமானால் உடம்பில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இந்த அமிலத்தைத்தான். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுக்கும் எழுபது வயதுக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் சரக்குப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் சீனப் பெயர் போட்டாலும் அதிமதுரத்தை அதிமதுரம் என்றே கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். தத்துவச் சொல் அந்நியமாக இருக்கட்டும், வாயில் போகும் பொருள் பழகிய பெயரில்தான் இருக்க வேண்டும். ஜின்செங்குக்கும் அதே மாதிரி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் அந்தப் பெயரைப் பார்த்துக் கேட்டாக வேண்டும்.

கடைசியில் 'ஈரம்' என்றே மேற்கோளுக்குள் வைத்தோம். ஈரப்பதம் என்று எழுதினால் வானிலை அறிக்கை, நீர்க்கோவை என்றால் மூக்கடைப்பு. வெறும் 'ஈரம்' விசித்திரமாக ஒலிக்கிறது, வாசகர் அதை ஒரு நோயாக எடுத்துக்கொள்ள வாய்ப்பும் குறைவு.

நரம்புத் தளர்ச்சியும் 'உம்' விகுதியும்

மூலத்தில் 'கை கால் சோர்ந்து வலுவில்லாமல்' என்று இருந்தது 'நரம்புத் தளர்ச்சி' ஆகியிருந்தது. தமிழில் இந்தச் சொல்லுக்கு என்ன வரலாறு என்று எல்லோருக்கும் தெரியும். லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களின் சுவரொட்டியிலிருந்து வந்த சொல், ஆண்மைக் குறைவு என்று சொல்லாமல் சொல்வது. சிங்கப்பூர் மருந்துச் சட்டத்தில் பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்தக் கூடாத 19 நோய்கள், நிலைகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. புற்றுநோய், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், வலிப்பு இவற்றோடு பாலியல் இயக்கமும் ஆண்மையின்மையும் அதில் உண்டு. இந்தியாவிலும் 1954-ம் ஆண்டுச் சட்டம் இதே வகை விளம்பரங்களைத் தடுக்கிறது. ஆக, செரிமானத்துக்கான ஒரு மாத்திரையை ஒற்றைத் தமிழ்ச் சொல் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டும் படிக்கும் அதிகாரி யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். 'கை கால் அசதி' போதும்.

அப்புறம் வினை. சீனத்தில் 'நிறுத்து–பேதி' என்று இரண்டு எழுத்து, காலம் கிடையாது, யார் சொல்கிறார்கள் என்ற குறிப்பும் கிடையாது, கலவையின் வகையைச் சொல்லும் ஒரு தலைப்பு மாதிரி அது நிற்கிறது. தமிழில் 'நிறுத்தும்' என்று எழுதியதும் அது வாக்குறுதி. 'குணப்படுத்தும், நீக்கும், தீர்க்கும்' என்று முடியும் எந்த வரியும் உறுதிமொழிதான். 'நிறுத்தும் எனக் கூறப்படுகிறது' என்று ஒவ்வொரு வரிக்கும் வால் ஒட்டிப் பார்த்தோம். நான்கு வரியில் நான்கு 'கூறப்படுகிறது', யாரும் படிக்க மாட்டார்கள். மேலே ஒரே முறை 'சீன மருத்துவ முறைப்படி' என்று போட்டுவிட்டுக் கீழே தாராளமாக எழுதுவதும் ஒத்துவரவில்லை. மக்கள் ஒரு பத்தியை மட்டும் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள், மேல் வரி அதில் இருக்காது. ஆகவே எழுவாயை மாற்றினோம். மருந்து எதையும் செய்வதாகச் சொல்லவில்லை, 'சீன மருத்துவர்கள் இன்ன அறிகுறிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள்' என்று மனிதரை எழுவாயாக்கினோம். அது உண்மை, யாரும் சரிபார்க்கலாம், வெட்டி எடுத்தாலும் அர்த்தம் மாறாது.

வயிற்றுப்போக்கையும் சொல்ல வேண்டும். மூலத்தில் இருப்பது தளர்ந்த, உருவாகாத மலம், நாள்பட்ட விஷயம். 'வயிற்றுப்போக்கு' என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கெட்டுப்போன சாப்பாட்டுக்குப் பிறகு பத்துத் தடவை போவது. அதற்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்ச்சத்துக் கரைசல். குழந்தைக்கோ முதியவருக்கோ இந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நீரிழப்பு வந்துவிடும். பெட்டியில் ஆங்கிலம் அந்தப் பரந்த சொல்லைப் போட்டிருந்தாலும் தமிழில் குறுகிய பொருளை எடுத்தோம், மூல நூலின் வரி அதைத்தான் சொல்கிறது.

எப்படிச் சோதித்தோம்

வழக்கமாகச் செய்வது, தமிழை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிடுவது. இந்த வகைத் தாளுக்கு அது உதவாது. மண்ணீரலைத் திருப்பினால் ஆங்கிலத்தில் அதே உறுப்பின் பெயர் வரும், பிராண சக்தியைத் திருப்பினால் உயிராற்றல் வரும், பழைய வரைவு அந்தச் சோதனையில் அநேகமாக முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். வாசகர் தலையில் என்ன நடக்கிறது என்று அது காட்டாது.

பதிலாக இரண்டு தாளையும் வட்டாரத்துப் பெரியவர்கள் சிலரிடமும் ஒரு பணிப்பெண்ணிடமும் படிக்கக் கொடுத்து இரண்டே கேள்வி கேட்டோம். இது யாருக்கு மருந்து? இதை எடுக்கும்போது என்ன நடந்தால் நீங்கள் டாக்டரிடம் போவீர்கள்? பழைய வரைவைப் படித்த ஒரு அம்மா யோசிக்காமல் சொன்னார்: "எங்க அவருக்குக் கால்ல நீர் இறங்கியிருக்கு, அதுக்கு ஆகும்போல தம்பி." இன்னொரு ஐயா, "நரம்புக்குன்னு போட்டிருக்கே" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை, தாளிலேயே அது இல்லையே. புதிய தாளைப் படித்தவர்கள் "பசி இல்லாம, வயிறு எப்பவும் சரியில்லாம இருக்கிறவங்களுக்கு" என்றார்கள். 'ஈரம்' என்றால் என்ன என்று அந்தப் பணிப்பெண் கேட்டார். கேட்டது நல்லது, கடையில் இருக்கும் சீன மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று தாளிலேயே ஒரு வரி சேர்த்தோம்.

அச்சுக்குப் போன வாசகம் இது:

> இது பாரம்பரியச் சீன மருத்துவ மாத்திரை. பசிக் குறைவு, நாள்பட மலம் இறுகாமல் தளர்வாகப் போவது, மூச்சு ஆழமாக வராதது போன்ற உணர்வும் இருமலும், கை கால் அசதி ஆகியவை சேர்ந்து இருப்பவர்களுக்குச் சீன மருத்துவர்கள் இதைக் கொடுத்து வருகிறார்கள். இந்த அறிகுறிகளைச் சீன மருத்துவம் 'பீ–வெய் குறைவு', 'ஈரம்' என்ற பெயர்களில் வகைப்படுத்துகிறது. இவை அந்த மருத்துவ முறையின் சொற்கள். மண்ணீரல் நோயையோ உடலில் நீர் கோப்பதையோ குறிக்காது. விளக்கம் வேண்டுமானால் கடையில் உள்ள சீன மருத்துவரிடம் கேளுங்கள்.
>
> திடீரென்று வந்த வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மலத்தில் ரத்தம், புதிதாக வந்த மூச்சு வாங்குதல், படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் இந்த மாத்திரையை எடுக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இதில் அதிமதுரம், ஜின்செங் உள்ளன. ரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, வார்ஃபரின் எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்கவும். அதிமதுரக் கஷாயத்தோடு சேர்த்து எடுக்க வேண்டாம்.

இதில் 'சி' என்ற சொல்லே கடைசியில் இடம்பெறவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை எப்படி எழுதுவது என்று அவ்வளவு பேசிவிட்டு, அந்தத் தாளுக்கு அது தேவையே இல்லை என்று முடிவானது. 'நுரையீரலின் சியைக் கூட்டும்' என்ற பகுதியை எப்படி எழுதினாலும் நுரையீரல் நோய்க்கு மருந்து என்றுதான் படிக்கப்படும், அறிகுறிகள் ஏற்கெனவே வந்துவிட்டன, விட்டுவிட்டோம். பின்பக்கம் உள்ள ஆங்கிலத்தில் அது அப்படியே இருக்கிறது. கடைக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம், 'சி'யைச் சொல்லாத சீன மருந்து என்ன சீன மருந்து என்றார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒரு கருத்தை விளக்க நல்ல இடம் நிதானமாகப் படிக்கும் கட்டுரை. வயிறு சரியில்லாதவர் கண்ணாடி தேடிக்கொண்டே படிக்கும் தாளில் அதைத் திணிக்க வேண்டியதில்லை.

சீனச் சொல்லை அந்நியமாக வைப்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'சியாவ்கே' என்று பழைய நூல்களில் ஒரு நோய் வரும், ஓயாத தாகம், உடம்பு இளைப்பு, அதிகச் சிறுநீர். இதை நேராக 'சர்க்கரை நோய்' என்று பெயர்ப்பவர்கள் பலர். ஒரு பழங்கலவைக்கு அப்படி எழுதினால் அது தடைசெய்யப்பட்ட விளம்பரம், ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்துச் சொல்லை இன்றைய நோயறிதலாக மாற்றும் தப்பு. ஆக மேலே சொன்ன முறைப்படி 'சியாவ்கே' என்றே வைக்கத் தோன்றும். ஆனால் சீனாவில் அதே பெயரில் விற்கும் பிரபலமான மாத்திரை ஒன்றில் மூலிகைகளோடு கிளிபென்கிளமைடு கலந்திருக்கிறது, ஒரு உருண்டைக்கு 0.25 மில்லிகிராம். பத்து உருண்டை எடுத்தால் 2.5 மில்லிகிராம், அது சர்க்கரை நோய்க்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்தின் உண்மையான அளவு. சிங்கப்பூரில் விற்கும் சீனத் தயார்நிலை மருந்துகளில் இப்படி மேற்கத்திய மருந்து கலக்க அனுமதி இல்லை, ஆனால் ஊருக்குப் போய் வருபவர்கள் வாங்கி வந்து பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுக்கும் ஒருவர் 'தாகம் தணிக்கும் சீன மூலிகை' என்று நம்பி இதையும் எடுத்தால் ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மயங்கி விழுவார். அந்தத் தாளைப் பெயர்க்கச் சொல்லி யாராவது கொண்டு வந்தால் முதல் வரியிலேயே 'இதில் கிளிபென்கிளமைடு உள்ளது, இது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து' என்று, எந்த மேற்கோள் குறியும் இல்லாமல், 'குறைக்கும்' என்ற உறுதியான வினையோடுதான் எழுத வேண்டும். அதனால் இப்போதெல்லாம் எந்தத் தாள் வந்தாலும் பயன்பாட்டு வரியைத் தொடும் முன் சரக்குப் பட்டியலைத்தான் முதலில் படிக்கிறேன்.